கரப்பானுக்கு இரண்டு ட்யூப்: எதை எங்கே, எவ்வளவு தடவுவது?

"காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 7 மாதம், எடை ஏழரைக் கிலோ. இரண்டு கன்னம், கழுத்து மடிப்பு, முன்கை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் கரப்பான். டாக்டர் முகத்துக்கும் கழுத்துக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் 1%, கை காலுக்கு க்ளோபெட்டசோன் 0.05% என்று இரண்டு ஸ்டீராய்டு க்ரீம் எழுதி, 'லேசாகத் தடவுங்க' என்றார். லேசாக என்றால் எவ்வளவு? 0.05 குறைவுதானே, அதையே முகத்துக்கும் போட்டால் என்ன? எங்கள் ஆயா ஸ்டீராய்டே பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள்."

முகத்துக்கு அதைப் போடாதீர்கள். ட்யூப்பில் இருக்கும் சதவீதம் மருந்தின் வீரியத்தைச் சொல்வதில்லை. அந்தக் களிம்பில் மருந்துப் பொருள் எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மிளகாய்த் தூள் ஒரு கரண்டியும் மல்லித் தூள் ஒரு கரண்டியும் அளவில் ஒன்றுதான், காரத்தில் ஒன்றல்ல. அதேபோல ஒவ்வொரு ஸ்டீராய்டுக்கும் அதற்கென்று ஒரு வேகம் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் 1% என்பது இருப்பதிலேயே மென்மையான படி. உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் க்ளோபெட்டசோன் 0.05% அதற்கு மேலே, நடுத்தரப் படி. பீட்டாமெத்தசோன் வாலரேட் 0.1%, மொமெட்டசோன் 0.1% இரண்டும் அதற்கும் மேலே, கடுமையான படி. எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது க்ளோபெட்டசால் 0.05%.

கடைசிப் பெயரை இன்னொரு முறை பாருங்கள். உங்கள் மருந்து க்ளோபெட்ட'சோன்'. உச்சியில் இருப்பது க்ளோபெட்ட'சால்'. இரண்டும் 0.05%, பெட்டியில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும், கடைசி எழுத்துகளைத் தவிர பெயரில் வித்தியாசமே தெரியாது. ஒன்று கைக்குழந்தையின் காலுக்குச் சில நாள் போடக்கூடியது. மற்றது தோல் நிபுணர் நேரடியாகப் பார்த்துச் சொல்லாமல் எந்தக் குழந்தைக்கும் போடக் கூடாதது. மருந்துக்கடையில் "அது இல்ல, இதுவும் அதே மாதிரிதான்" என்று வேறு கம்பெனி ட்யூப்பை எடுத்துக் கொடுத்தால், வாங்கும்முன் கலவைப் பெயரை எழுத்துக் கூட்டி வாசியுங்கள். பெயரோடு கூடவே நியோமைசின், ஜென்டாமைசின், மைக்கோனசோல், க்ளோட்ரிமசோல் என்று இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அது கலவைக் களிம்பு. அவற்றில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்டீராய்டு பீட்டாமெத்தசோனோ க்ளோபெட்டசாலோதான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சீட்டில் இருப்பதையே கேளுங்கள்.

முகத்துக்கும் மடிப்புக்கும் ஏன் மென்மையானது? உடம்பு முழுக்கத் தோல் ஒரே தடிமன் இல்லை. பெரியவர்களின் தோலில் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று 1967-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்கையில் உள்ளே போவதை 1 என்று வைத்தால், அக்குளில் சுமார் மூன்றரை மடங்கு, நெற்றியில் 6 மடங்கு, தாடையில் 13 மடங்கு. ஆக, காலுக்கு நடுத்தரமாக வேலை செய்யும் மருந்து, கன்னத்தில் கடுமையான மருந்தைப் போல நடந்துகொள்ளும். மடிப்பில் இன்னொன்றும் சேர்கிறது. தோலோடு தோல் ஒட்டி, வியர்வையில் ஊறி, மேலே மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. மூடி வைத்த இடத்தில் ஸ்டீராய்டு இன்னும் அதிகமாக இறங்கும். டயப்பர் போட்ட இடமும் இதே கணக்குதான். கூடவே, ஏழரைக் கிலோ குழந்தைக்கு எடைக்கு எதிரே தோலின் பரப்பு பெரியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் தோல் வழியாக உள்ளே போனது இரத்தத்தில் சேரும்போது அவளுக்கு அது பெரிய அளவு.

இனி 'லேசாக' என்பதற்கு வருவோம். அந்தச் சொல்லுக்கு அளவே கிடையாது. பயந்த தாய்க்கு அது பட்டாணி அளவு, அவசரப்பட்ட தாய்க்கு அரை ட்யூப். தோல் மருத்துவத்தில் இதற்கென்று ஒரு அளவு இருக்கிறது: விரல்நுனி அளவு. பிரிட்டனில் லாங், ஃபின்லே என்ற இருவர் 1991-ல் இதை வகுத்தார்கள். உங்கள் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள். உள்பக்கம் கடைசி ரேகைக் கோடு இருக்கிறதல்லவா, அங்கிருந்து விரல்நுனி வரை ட்யூப்பிலிருந்து ஒரே கோடாகப் பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு. பெரியவர்களின் விரலில்தான் அளக்க வேண்டும், குழந்தையின் விரலில் இல்லை. எடையில் சுமார் அரைக் கிராம், பெண்களின் விரலில் 0.4 கிராம் அளவுக்கு வரும். பெரியவர் ஒருவரின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து விரித்தால் எவ்வளவு இடமோ, அதுபோல இரண்டு கை அகலத்துக்கு ஒரு விரல்நுனி அளவு போதும். அப்படியானால் ஒரு கை அகலத்துக்கு அரைக் கோடு.

இந்தக் கணக்கு ட்யூப்பின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துப் போட்டது. நம் கடைகளில் கிடைக்கும் சின்ன ட்யூப்புகள் பலவற்றில் துளை அதைவிடக் குறுகல். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துளை 3 மில்லிமீட்டர் என்றால், அதே நீளக் கோட்டில் வருவது மூன்றில் ஒரு பங்கு மருந்துதான், ஏனென்றால் நீளம் மாறாவிட்டாலும் கோடு மெலிந்துவிடுகிறது. மூடியைத் திறந்து, பள்ளிக்கூட ஸ்கேலை வாயில் வைத்துப் பாருங்கள். 5 இருந்தால் ஒரு கோடு. 3 என்றால் ஒரு விரல்நுனி அளவுக்கு மூன்று கோடு பக்கத்துப் பக்கத்தில். இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் தடவிவிட்டு "இந்த மருந்து கேட்கல" என்று அடுத்த படிக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. போதாத அளவில் தடவியதன் பழியை மருந்தின் மேல் போட்டு, கடுமையான மருந்தை வாங்கி வருகிறார்கள்.

உங்கள் மகளுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் முழுக்கத் தடவ ஒரு விரல்நுனி அளவு, ஒரு கை முழுதுக்கும் ஒன்று, ஒரு கால் பாதத்தோடு ஒன்றரை, நெஞ்சும் வயிறும் ஒன்று, முதுகும் பிட்டமும் ஒன்றரை. ஒன்று முதல் இரண்டு வயதுக்கு இவை முகம் கழுத்து ஒன்றரை, கை ஒன்றரை, கால் இரண்டு, முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் மூன்று என்று ஏறுகின்றன. 7 மாதம் என்றால் முதல் கணக்குக்குப் பக்கத்தில்தான். ஆனால் இவை அந்த இடம் முழுவதும் கரப்பான் இருந்தால் வரும் உச்ச அளவு. உங்களுக்குத் தேவை சிவந்து, சொரசொரத்த இடத்துக்கு மட்டும்.

அதற்கு உங்கள் கையையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். விரல்களைச் சேர்த்து அவள் கெண்டைக்கால் முன்பக்கத்தில் வைத்தால், கரப்பான் இடம் ஏறக்குறைய உங்கள் கைக்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கை, ஆகவே 5 மில்லிமீட்டர் வாயுள்ள ட்யூப்பில் அரைக் கோடு. இரண்டு கால்களுக்கு ஒரு கோடு. முன்கையில் பாதிக் கை அளவுதான் இருக்கும், இரண்டு முன்கைக்கும் சேர்த்து ஒரு கை, அரைக் கோடு. மொத்தம் ஒன்றரைக் கோடு க்ளோபெட்டசோன். கன்னம் இரண்டும் சேர்த்து உங்கள் அரைக் கை, அதாவது கால் கோடு. கழுத்து மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால் இன்னொரு அரைக் கை. ஆக முகத்துக்கும் கழுத்துக்கும் அரைக் கோடு ஹைட்ரோகார்ட்டிசோன்.

எத்தனை முறை என்பது சீட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். கை காலுக்கு ஒரு வேளை, முகத்துக்கு இரு வேளை என்று இருந்தால், ஒரு வாரத்தில் க்ளோபெட்டசோன் சுமார் 5 கிராமும் ஹைட்ரோகார்ட்டிசோன் 3 கிராம் சொச்சமும் செலவாகும். 15 கிராம் க்ளோபெட்டசோன் ட்யூப்பில் மூன்றில் ஒரு பங்கு வாரத்துக்குக் குறைய வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் ட்யூப் பிதுக்கிய தடமே தெரியாமல் இருந்தால் நீங்கள் பயந்து பயந்து தடவுகிறீர்கள். ஒரே வாரத்தில் காலி என்றால் இடம் பெருத்துவிட்டது அல்லது கை மீறிப் போகிறது. இரண்டிலும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. ட்யூப் திறந்த தேதியைப் பேனாவால் மேலேயே எழுதி வையுங்கள்.

தடவும் விதம்: கோட்டை விரலில் எடுத்து, கரப்பான் இடத்தில் அங்கங்கே புள்ளி புள்ளியாக வைத்து, ரோமம் சாயும் திசையில் மெல்ல இழுத்துப் பரப்ப வேண்டும். தேய்த்துத் தேய்த்து உள்ளே ஏற்ற வேண்டாம். மெல்லிய பளபளப்பு மிஞ்சினால் சரியான அளவு. வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அதிகம், தோல் காய்ந்தபடியே இருந்தால் குறைவு.

ஈரப்பதக் களிம்பும் ஸ்டீராய்டும் வேறு வேறு வேலைக்காரர்கள். ஈரப்பதக் களிம்பு உடம்பு முழுவதும், தினமும், கரப்பான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஸ்டீராய்டு கரப்பான் உள்ள இடத்தில் மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் குளிக்க வைத்து, துணியால் ஒற்றி எடுத்து, உடம்பு சற்று ஈரமாக இருக்கும்போதே களிம்பு போட வேண்டும். அதற்குப் பிறகு 15 முதல் 30 நிமிடம் கழித்து ஸ்டீராய்டு. முதலில் ஸ்டீராய்டு, பிறகு களிம்பு என்று மாற்றிச் செய்தாலும் பரவாயில்லை, இடைவெளிதான் முக்கியம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் மருந்து நீர்த்துப் போகும், கரப்பான் இல்லாத தோலுக்கும் பரவும்.

உங்கள் வீட்டில் கடலை மாவோ பயத்த மாவோ தேய்த்துக் குளிக்க வைக்கும் வழக்கம் இருந்தால், கரப்பான் அடங்கும் வரை நிறுத்திவிடுங்கள். நல்ல தோலையே உராய்ந்து எண்ணெய்ப் பசையைப் பிடுங்கும் மாவு, வெடித்த தோலில் இன்னும் எரியும். மஞ்சளும் வேண்டாம், சிவப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மறைத்துவிடும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தொட்டிலுக்குப் பழைய பருத்திச் சேலை கட்டுவது மிக நல்லது. கஞ்சிப் பசையோடு இருக்கும் புதுக் கண்டாங்கி என்றால் மூன்று நான்கு முறை அலசி, பசை போன பிறகு கட்டுங்கள், அந்த விறைப்பு முழங்காலிலும் கன்னத்திலும் உரசும்.

கழுத்து மடிப்புக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், சிக்கல் அதிகம் அங்கேதான். பால் வடிந்து, எச்சில் ஊறி, சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்து அது நாள் முழுக்க நசநசப்பாக இருக்கும். முதலில் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒற்றி, காற்றுப் பட விடுங்கள். அதன் பிறகுதான் ஹைட்ரோகார்ட்டிசோன். மேலே பவுடர் போட்டால் வியர்வையில் கட்டி தட்டி மடிப்பை அறுக்கும். சாதாரண வெள்ளை வாசலினைப் பால் கொடுக்கும்முன் தாடைக்கும் கழுத்துக்கும் மெல்லிதாகத் தடவினால், வடியும் பால் தோலில் ஊறாது. மடிப்பு இரத்தச் சிவப்பாகப் பளபளத்து, ஓரத்தில் தனித்தனியாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்த மாதிரி இருந்தால் அது கரப்பான் இல்லை, பூஞ்சைத் தொற்று. அதில் வெறும் ஸ்டீராய்டு போட்டால் இரண்டு நாள் சிவப்பு மங்கிவிட்டு, பிறகு முன்பைவிட அகலமாகப் பரவும். போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். டயப்பர் போடும் இடத்தில் கரப்பான் பொதுவாக வராது. அங்கே வரும் சிவப்புக்கு இந்த இரண்டு ட்யூப்பையும் தொட வேண்டாம். கண் இமைக்கும் அப்படித்தான், டாக்டர் இமை என்று பெயர் சொல்லியிருந்தால் ஒழிய.

எப்போது நிறுத்துவது? நம் தோல் நிறத்தில் சிவப்பைக் கண்ணால் நம்ப முடியாது. அழற்சி பல குழந்தைகளுக்குக் கருநீலமாகவோ சாம்பல் பூத்த மாதிரியோதான் தெரியும். எனவே கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்திலுள்ள நல்ல தோலைப் போலவே வழுவழுப்பாக இருக்கிறதா, சொறிவது நின்றுவிட்டதா என்பதுதான் சோதனை. வழுவழுப்பான பிறகு இன்னும் இரண்டு நாள் போட்டு நிறுத்துங்கள். கை காலில் இது ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆகிவிடும், முகத்தில் பெரும்பாலும் அதற்கும் முன்பே. மூன்றாவது நாள் கொஞ்சம் தேறியதும் "போதும்" என்று விட்டால் தோலுக்கடியில் அழற்சி மிச்சமிருக்கும், ஒரு வாரத்தில் திரும்பிவிடும். இப்படி மூன்று மூன்று நாளாகப் பத்து முறை தடவுவதைவிட, ஒரே தடவையாகச் சரியான அளவில் பத்து நாள் தடவுவது மொத்தத்தில் குறைந்த ஸ்டீராய்டு. இரண்டு வாரம் சரியாகத் தடவியும் அடங்கவில்லை என்றால் நீங்களாகத் தொடராமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு இருந்து, குழந்தையின் உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது சிரங்காக இருக்கலாம்.

ஆயா பயப்படுவது காரணமில்லாமல் இல்லை, அவர்களிடம் அதை ஒத்துக்கொண்டே பேசுங்கள். க்ளோபெட்டசால் மாதிரியான களிம்பை டயப்பர் இடத்தில் மாதக்கணக்கில் தடவி, குழந்தையின் முகம் வட்டமாக ஊதி, எடை ஏறி, உயரம் நின்றுபோனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. முகத்தில் கடுமையான ஸ்டீராய்டு நீண்ட நாள் போட்டால் தோல் மெலிந்து மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரியும், வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக வரும். இவை எல்லாம் கடுமையான படி, தவறான இடம், கணக்கில்லாத நாட்கள் என்ற மூன்றும் சேர்ந்து வந்தவை. கன்னத்துக்குக் கால் கோடு ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு வாரம் என்பது வேறு விஷயம். மருந்தே போடாமல் விட்டால், இரவெல்லாம் சொறிந்து தோல் கிழிந்து, கிருமி நுழைகிறது. ஆயா தேங்காய் எண்ணெய் தடவ ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். ஸ்டீராய்டுக்கு அரை மணி முன்போ பின்போ, ஈரப்பதக் களிம்புக்குப் பதிலாக உடம்புக்குப் போடட்டும்.

சில அடையாளங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி நீர் வடிந்தாலோ, சீழ்க் கொப்புளம் வந்தாலோ அன்றே காட்டுங்கள். ஒரே அளவில், ஆணியால் குத்திய மாதிரிச் சின்னச் சின்னக் குழிகளோ கொப்புளங்களோ கூட்டமாக, வேகமாகப் பரவி, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பானில் ஏறியதாக இருக்கலாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உதட்டில் ஹெர்ப்பிஸ் கொப்புளம் வந்திருப்பவர்கள் குழந்தையின் கன்னத்தில் முத்தமிடாமல் இருக்க வேண்டியது இதனால்தான்.

கரப்பான் அடங்கிய பிறகு கன்னத்தில் வெளுத்த திட்டு ஒன்று தெரியலாம். "மருந்து தோலை வெளுத்துடுச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது அழற்சி விட்டுப்போன தடம். தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்கும், செதில் இருக்காது. அதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. ஈரப்பதக் களிம்பை மட்டும் விடாமல் போட்டு வாருங்கள். நிறம் திரும்பச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். தொட்டால் மீண்டும் சொரசொரத்தால் மட்டும் ட்யூப்பை எடுங்கள்.